சோலார் பேனல் செய்யச் செலவான ஆற்றல் எத்தனை மாதத்தில் திரும்பி வரும்?

"அந்தப் பேனலைச் செய்யறதுக்கு ஆகுற கரண்ட்டே, அது ஆயுசு முழுக்கக் குடுக்குற கரண்ட்டை விட ஜாஸ்தி சார்." மாடியில் சோலார் போடுவதைப் பற்றி வண்ணாரப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ பேச்சு எடுத்தால், கூட்டத்தில் ஒருவராவது இதைச் சொல்வார். இன்னொருவர் உடனே, "இல்லை, நாலு வருஷத்துல எடுத்துடலாம்" என்பார். முதல் ஆள் பேசுவது ஆற்றலைப் பற்றி, இரண்டாம் ஆள் பேசுவது பணத்தைப் பற்றி. இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பேசுவதாக நினைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள்.

பணக் கணக்கை முதலிலேயே ஓரமாக வைத்துவிடலாம். போட்ட காசு எப்போது திரும்பும் என்பது உங்கள் இரண்டு மாத பில், இலவச 100 யூனிட், மானியம் எல்லாவற்றையும் பொறுத்தது. மூன்று கிலோவாட் போட்டால் ஒன்றிய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. அதனால் காசு சீக்கிரம் திரும்பும். ஆனால் பேனலைச் செய்த தொழிற்சாலையில் ஓடிய உலைக்கு அந்த மானியத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அங்கே செலவான ஆற்றல் செலவானதுதான்.

அந்த ஆற்றலை, கூரையில் ஏறிய பேனல் எத்தனை நாளில் திருப்பித் தருகிறதோ, அந்தக் காலத்துக்குப் பெயர் ஆற்றல் மீட்புக் காலம். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான். கணக்கில் வரும் அளவு யூனிட். மின்வாரிய பில்லில் வரும் அதே யூனிட்தான்: ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.

ஆற்றல் எங்கே செலவாகிறது

கூரையில் பார்க்கும் பேனலில் எடை அதிகம் கண்ணாடிக்குத்தான். இப்போது சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 540 வாட் பேனல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட 28 கிலோ இருக்கும், அதில் சுமார் 20 கிலோ கண்ணாடி. அலுமினியச் சட்டம் மூன்று கிலோ அளவில். மின்சாரத்தை உண்டாக்கும் சிலிக்கான் ஒரு கிலோகூட இல்லை. ஆனால் ஆற்றலை அதிகம் தின்பது அந்த ஒரு கிலோதான்.

சிலிக்கானைக் கடற்கரை மணலை அள்ளிச் செய்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். காசிமேட்டு மணல் இதற்கு உதவாது. சுத்தமான குவார்ட்ஸ் கல் வேண்டும். அதைக் கரியோடு சேர்த்து மின்வில் உலையில் போட்டு, 1,900 டிகிரிக்கு மேல் சூடாக்கினால், கல்லில் இருக்கும் ஆக்சிஜனைக் கரி பிடுங்கிக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது சிலிக்கான். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 12 யூனிட் ஆகும். இது 99 சதவீதம் சுத்தம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பேனலுக்குப் போதாது. நூற்றில் ஒரு பங்கு அழுக்கு இருந்தால் மின்னோட்டம் வழியிலேயே சிக்கிக்கொள்ளும்.

அடுத்த கட்டம் சுத்திகரிப்பு. இங்கேதான் செலவு எகிறுகிறது. திடமாக இருக்கும் சிலிக்கானை நேரடியாகச் சுத்தம் செய்ய வழியில்லை. அதனால் அதை ஹைட்ரஜன் குளோரைடு வாயுவோடு சேர்த்து, டிரைகுளோரோசிலேன் என்ற ஒரு திரவமாக மாற்றுகிறார்கள். இது 32 டிகிரியிலேயே கொதித்துவிடும். எனவே மணலி சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயைப் பிரிப்பது போலவே, கோபுரங்களில் ஏற்றிக் கொதிக்கவைத்து, அழுக்கைப் பிரித்துவிடலாம். பிறகு அந்த ஆவியை ஹைட்ரஜனோடு கலந்து, உள்ளே மெல்லிய சிலிக்கான் கம்பிகள் நிற்கும் ஒரு மூடிய கலத்துக்குள் விடுகிறார்கள். கம்பிகளுக்குள் மின்சாரம் பாய்ச்சி 1,100 டிகிரி அளவில் வைத்திருப்பார்கள். அந்தச் சூட்டில் ஆவி உடைந்து, சிலிக்கான் மட்டும் கம்பியின் மேல் படியும். விரல் தடிமனில் ஆரம்பித்த கம்பி சில நாட்களில் தொடை தடிமனுக்கு வளர்கிறது.

அத்தனை நாளும் கம்பியைச் சூடாக வைத்திருக்க வேண்டும். அதே சமயம் கலத்தின் சுவரைத் தண்ணீர் விட்டுக் குளிர்விக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் சிலிக்கான் சுவரிலும் போய் அப்பிக்கொள்ளும். அதாவது உள்ளே சூடேற்றி, வெளியே அந்தச் சூட்டைக் கொட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு கிலோவுக்கு இன்று 50 முதல் 60 யூனிட் ஆவதற்கு முக்கியக் காரணம் இது. பழைய ஆலைகளில் இதைப் போல இரண்டு மடங்கு ஆனது.

அப்புறம் அதை 1,414 டிகிரியில் உருக்கி, ஒரு சிறு படிகத்தைத் தொட்டு மெல்லச் சுழற்றி மேலே இழுத்தால், ஒரே படிகமாக நீண்ட உருளை வளரும். கிலோவுக்கு இன்னொரு 25 யூனிட். அந்த உருளையை வைரத்தூள் பதித்த கம்பியால் 0.15 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய வில்லைகளாக அறுக்கிறார்கள். அறுக்கும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தூளாகப் போகிறது. அதனால்தான் பேனலில் 830 கிராம் சிலிக்கான் இருக்கவேண்டுமென்றால், சுத்திகரித்த சிலிக்கான் 1.3 கிலோ தேவைப்படுகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கல்லை உருக்க, சுத்திகரிக்க, படிகமாக இழுக்க மூன்றும் சேர்த்து ஒரு பேனலுக்குச் சுமார் 120 யூனிட். அதில் பாதிக்கு மேல் சுத்திகரிப்புக்கு மட்டும்.

மிச்சம் சீக்கிரம் முடிந்துவிடும். வில்லையை அறுத்து, மின்கலமாக்கி, பேனலாக ஒட்ட 45 யூனிட் அளவில். அலுமினியச் சட்டத்துக்கு இன்னொரு 45. மூன்று கிலோ உலோகத்துக்கு இவ்வளவா என்றால், ஆம். அலுமினியத்தைத் தாதுவிலிருந்து பிரிப்பதே மின்சாரத்தால்தான். விட்டுப்போன சில்லறைச் செலவுகளுக்கும் இடம் விட்டு, மொத்த மின்சாரத்தை 250 யூனிட் என்று கொஞ்சம் தாராளமாகவே வைத்துக்கொள்கிறேன். இது தவிர, கண்ணாடி உலையில் எரியும் எரிவாயு, பிளாஸ்டிக் அடுக்குகள், கப்பல் டீசல் எல்லாம் நேரடி எரிபொருள். அதை யூனிட்டில் சொன்னால் 150 அளவுக்கு வரும்.

நெல்லா, அரிசியா?

இப்போது பேனல் தரும் பக்கம். சென்னையில் நிழல் விழாத கூரையில் ஒரு கிலோவாட் போட்டால் சராசரியாக ஒரு நாளைக்கு நாலு யூனிட் கிடைக்கும். வெயில் இதைவிடத் தாராளமாகவே இருக்கிறது. ஆனால் மே மாத மதியத்தில் பேனல் 60 டிகிரிக்கும் மேல் காய்ந்து கிடக்கும். சூடு ஏற ஏற சிலிக்கான் தரும் மின்சாரம் குறைந்துகொண்டே போகும். மழை மாதங்கள், இன்வெர்ட்டர் இழப்பு எல்லாம் போக நாலு. நம் 540 வாட் பேனலுக்கு நாளைக்கு 2.16 யூனிட், மாதத்துக்கு 65.

அப்படியானால் 250-ஐயும் 150-ஐயும் கூட்டி 65-ஆல் வகுத்தால் ஆறு மாதம், கதை முடிந்தது என்று தோன்றும். விடை கிட்டத்தட்டச் சரிதான், ஆனால் போட்ட விதம் தவறு. இணையத்தில் ஒரு இடத்தில் நாலு மாதம், இன்னொரு இடத்தில் ஒன்றரை வருடம் என்று ஆளுக்கொரு எண் சொல்வதற்கும் இந்த இடம்தான் காரணம். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

செங்குன்றம் அரிசி ஆலைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவரிடம் நெல்லாகக் கடன் வாங்குகிறீர்கள், திருப்பித் தருவது அரிசியாக. பத்து மூட்டை நெல்லுக்குப் பத்து மூட்டை அரிசி கொடுத்தால் நீங்கள் ஏமாந்தீர்கள். நெல்லை அரைத்தால் உமியும் தவிடும் போக மிஞ்சுவதுதானே அரிசி? ஒன்று, கடனை அரிசிக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். இல்லையென்றால், கொடுக்கும் அரிசிக்கு எவ்வளவு நெல் ஆகும் என்று பார்க்க வேண்டும். நெல்லும் அரிசியும் கலந்த கணக்கு யாரையாவது ஏமாற்றும்.

நிலக்கரி நெல். மின்சாரம் அரிசி. ஆலை நம் அத்திப்பட்டிலேயே இருக்கிறது: வட சென்னை அனல்மின் நிலையம். இப்படிப்பட்ட நிலையத்தில் கரியை எரித்து வரும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு, தாராளமாகச் சொன்னால் 35 சதவீதம், மின்சாரமாகிறது. மீதியில் ஒரு பகுதி புகைபோக்கி வழியே போகும். பெரும்பகுதி குளிர்விக்கும் தண்ணீரோடு போகும். எண்ணூர் கழிமுகத்தில் மீன் பிடிப்பவர்கள் காலங்காலமாகக் குறை சொல்லும் சுடுதண்ணீர் இந்தக் கணக்கின் உமிதான்.

எரிபொருள் எரிவதற்கு முன் அதற்குள் இருக்கும் மொத்த ஆற்றலை முதன்மை ஆற்றல் என்பார்கள். பேனல் செய்யச் செலவானதைக் கணக்குப் போடும் ஆய்வாளர்கள் எல்லாவற்றையும் இந்த அளவுக்கு மாற்றிவிடுவார்கள். நாமும் மாற்றுவோம். 250 யூனிட் மின்சாரம் தயாரிக்கச் சுமார் 700 யூனிட் அளவு கரி எரிந்திருக்கும். நேரடி எரிபொருள் 150 ஏற்கெனவே முதன்மை ஆற்றல்தான், அப்படியே கூட்டலாம். ஆக 850.

பேனல் மட்டும் கூரையில் பறந்துகொண்டு நிற்காது. அதைத் தாங்கும் துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம், இன்வெர்ட்டர், ஒயர் எல்லாவற்றிலும் ஒரு பேனலின் பங்கு என்று இன்னொரு 250 சேர்ப்போம். மொத்தக் கடன் 1,100 யூனிட், முழுக்க நெல்லாக.

மூன்று கணக்கு, மூன்று விடை

முதல் கணக்கு, இரண்டு பக்கமும் நெல். பேனல் மாதம் தரும் 65 யூனிட்டை அனல்மின் நிலையத்தில் தயாரிக்கவேண்டுமென்றால் 185 யூனிட் அளவுக்குக் கரி எரிய வேண்டும். பேனல் அந்த அளவுக்கு எரியாமல் மிச்சப்படுத்துகிறது. 1,100-ஐ 185-ஆல் வகுத்தால் ஆறு மாதம். ஆய்வுகளில் பெரும்பாலும் வருவது இந்த முறைதான். ஜெர்மனியின் ஃப்ராவுன்ஹோஃபர் நிறுவனம் வெளியிடும் சூரிய மின்சக்தி அறிக்கையிலும் கூரைப் பேனல்களின் மீட்புக் காலம் இந்தியாவில் ஏறத்தாழ அரை ஆண்டு, வெயில் குறைந்த கனடாவில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு என்றுதான் இருக்கிறது. நம் தோராயக் கணக்கு அதையொட்டி வருவது ஒரு நிம்மதி.

இரண்டாவது கணக்கு, கடன் நெல், திருப்பித் தருவது அரிசி, மாற்றமே கிடையாது. 1,100-ஐ நேரடியாக 65-ஆல் வகுத்தால் 17 மாதம். பேனலுக்கு இதைவிடக் கடுமையான கணக்கு இல்லை. என் பார்வையில் இது அநியாயமானது, ஆனாலும் கைவசம் வைத்திருக்கலாம். எதிராளி எவ்வளவு பிடிவாதக்காரராக இருந்தாலும் 17 மாதத்துக்கு மேல் போக முடியாது.

மூன்றாவது, பேனல் விற்பவர்கள் சொல்ல விரும்பும் கணக்கு. தொழிற்சாலையில் ஓடிய 250 யூனிட் மின்சாரத்தை மட்டும் எடுத்து 65-ஆல் வகுத்தால் நாலு மாதத்துக்கும் குறைவு. கண்ணாடி உலையின் எரிவாயு, இரும்புச் சட்டம், இன்வெர்ட்டர் எல்லாம் காணாமல் போயிருக்கும்.

எனவே யாராவது ஒரு எண் சொன்னால் இரண்டு கேள்வி கேட்டால் போதும். கடனில் எதையெல்லாம் சேர்த்தீர்கள்? மின்சாரத்தை எரிபொருள் அளவுக்கு மாற்றினீர்களா?

ஒன்று மட்டும் கவனம். இது ஆற்றல் கணக்கு, புகைக் கணக்கு இல்லை. நீர்மின்சாரத்தில் ஓடும் ஆலையில் செய்த பேனலும், கரி மின்சாரத்தில் ஓடும் ஆலையில் செய்த பேனலும் ஒரே அளவு மின்சாரத்தைச் செலவழித்திருக்கலாம். ஆனால் காற்றில் கலந்த கரியமில வாயு இரண்டுக்கும் ஒன்றாக இருக்காது. அதற்குத் தனிக் கணக்கு போட வேண்டும்.

அந்தப் பழைய பேச்சு எங்கிருந்து வந்தது

டீக்கடையில் "ஆயுசு முழுக்க ஓடினாலும் வராது" என்றவர் வெறுமனே கற்பனை செய்யவில்லை. ஆரம்ப காலத்துப் பேனல்களுக்குக் கணிப்பொறிச் சில்லு செய்யும் ஆலைகளின் சிலிக்கானைத்தான் வாங்கிப் பயன்படுத்தினார்கள். தேவைக்கு மேல் சுத்தமான சரக்கு, அதற்கேற்ற ஆற்றல் செலவு. வில்லைகளும் தடிமனாக இருந்தன. பேனல் தரும் மின்சாரமோ குறைவு. அந்தக் காலத்தில் மீட்புக் காலம் பல ஆண்டுகள் என்பது உண்மை.

மாறியதைக் காட்ட ஒரு எண் போதும். 2004-இல் ஒரு வாட் பேனலுக்குச் சுமார் 16 கிராம் சிலிக்கான் ஆனது. இன்று இரண்டரை கிராம் ஆகிறது. அன்றைய அளவில் நம் 540 வாட் பேனலுக்கு எட்டரை கிலோவுக்கு மேல் சிலிக்கான் வேண்டியிருந்திருக்கும், அதுவும் கிலோவுக்கு இரண்டு மடங்கு மின்சாரம் தின்னும் பழைய சுத்திகரிப்பில். வைரக் கம்பியால் மெல்லியதாக அறுப்பதும், ஒரே பரப்பில் அதிக மின்சாரம் எடுப்பதும் வந்த பிறகு கணக்கே மாறிவிட்டது. பேச்சு மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

வட சென்னைக் கூரையில் என்ன ஆகும்

ஆறு மாதம் என்பது நல்ல கூரைக்கு. நம் பக்கத்துக் கூரைகளுக்கு மூன்று தொல்லைகள் உண்டு. மூன்றும் மீட்புக் காலத்தை ஒரே மாதிரி பாதிக்காது.

முதலாவது தூசி. எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் மாடியில் காயும் வெள்ளைத் துணியைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும். கரித்தூளும் சாம்பலும் பேனல் கண்ணாடியிலும் படியும். கடற்காற்றின் ஈரம் அதைப் பசை போல ஒட்டவைக்கும். துடைக்காமல் விட்டு 15 சதவீதம் குறைந்ததாக வைத்துக்கொண்டாலும், ஆறு மாதம் ஏழு மாதமாகும், அவ்வளவுதான். விடிகாலையில், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது வெறும் தண்ணீரும் மென்மையான துணியும் போதும். மதியம் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்ற வேண்டாம்.

இரண்டாவது நிழல். தூசியைவிட இது மோசம். நெருக்கமான தெருக்களில் பக்கத்து வீட்டு மூன்றாம் மாடியும், நம் மாடியிலேயே நிற்கும் சின்டெக்ஸ் டேங்கும் காலையிலோ மாலையிலோ பேனல் மேல் நிழல் போடும். பேனலுக்குள் மின்கலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால், ஒரு ஓரத்தில் விழும் நிழல் அந்த வரிசையின் மின்னோட்டத்தையே இழுத்துப் பிடித்துவிடும். வருடம் முழுக்க 40 சதவீதம் போனால் மீட்புக் காலம் பத்து மாதமாகும். கடன் அப்போதும் அடைந்துவிடும், ஆனால் அந்த இடத்தில் பேனல் போடுவது வீண்.

மூன்றாவது உப்பு. இது மாத உற்பத்தியைக் குறைக்காது, ஆயுளைக் குறைக்கும். கடலோரத்தில் முதலில் போவது பேனல் இல்லை. துத்தநாகப் பூச்சு சரியில்லாத இரும்புச் சட்டமும், வெல்டிங் வைத்த இடங்களும், ஒயர் இணைப்புகளும்தான். போல்ட்டைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் கசிவு தெரிந்தால் சட்டம் உள்ளே தின்னப்படுகிறது என்று அர்த்தம். புயல் காற்றில் பேனல் பெயர்ந்து போவதும் பெரும்பாலும் இப்படி வலுவிழந்த இடத்திலிருந்துதான். நன்றாக இருந்தால் 25 வருடத்தில் 18,000 யூனிட் தந்திருக்க வேண்டிய பேனல், எட்டாவது வருடமே கீழே விழுந்தால் தருவது ஆறாயிரத்தைச் சுற்றி. கடனைப் பல மடங்கு அடைத்த பிறகுதான் விழுகிறது. இழப்பு அதற்கு மேல் வரவேண்டிய லாபத்தில்.

பேட்டரி வைத்த அமைப்புகளுக்கு மேலே சொன்ன எண்கள் பொருந்தாது. பேட்டரி செய்யும் ஆற்றலும் கடனில் சேரும். அது நிரம்பிவிட்டால் மிச்ச வெயில் வீணாகும். மின்வாரிய இணைப்போடு சேர்ந்து ஓடும் அமைப்புக்குத்தான் இந்தக் கணக்கு.

உங்கள் வீட்டில் கடன் அடைந்துவிட்டதா?

இதைத் தெரிந்துகொள்ள ஆய்வு எதுவும் வேண்டாம். இன்வெர்ட்டர் திரையில், அல்லது அதன் செல்போன் செயலியில், E-Total என்று ஒரு எண் இருக்கும். போட்ட நாளிலிருந்து இதுவரை தந்த மொத்த யூனிட் அது. அதை உங்கள் அமைப்பின் கிலோவாட்டால் வகுத்துப் பாருங்கள். நம் 540 வாட் பேனலின் 1,100 யூனிட் கடன், ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 2,000 யூனிட் நெல் என்று வரும். அதை அரிசியாக மாற்றினால் 35 சதவீதம், அதாவது 700 யூனிட்.

ஒரு கிலோவாட்டுக்கு 700 யூனிட்டைத் தாண்டியிருந்தால் நெல்லுக்கு நெல் கணக்கில் கடன் முடிந்தது. 2,000-ஐத் தாண்டியிருந்தால், எந்த மாற்றமும் செய்யாத அந்த அநியாயக் கணக்கிலும் முடிந்தது. மூன்று கிலோவாட் வீட்டுக்கு இது 2,100, 6,000 என்று வரும். நாளைக்கு 12 யூனிட் வந்தால் முதல் எண்ணை ஆறு மாதத்துக்குள்ளும் இரண்டாவதை ஒன்றரை வருடத்துக்குள்ளும் தொட்டுவிட வேண்டும். போட்டு ஒரு வருடம் ஆகியும் E-Total 2,100-ஐத் தொடவில்லை என்றால், நாளைக்கு ஆறு யூனிட்கூட வரவில்லை என்று அர்த்தம். முதலில் டேங்கின் நிழல் எத்தனை மணிக்கு எங்கே விழுகிறது என்று பாருங்கள், அப்புறம் போட்டுக் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள்.